காலாண்டு வட்டி வாங்கிய எஃப்டியை உடைத்தேன், அசலில் 8,750 குறைகிறது

முத்துச்சரம் | 8 ஜூன் 2024

2023 மார்ச் 6 அன்று 4,00,000 ரூபாய் எஃப்டி போட்டேன். 3 வருடம், 7.5 விழுக்காடு, வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்குக்கு வரும். ஒவ்வொரு முறையும் 7,500 சரியாக வந்தது. இந்த ஜூன் 6 அன்று ஐந்தாவது வட்டி ஏறியதும் அன்றே கிளைக்குப் போய் உடைத்துவிட்டேன். பணம் தேவைப்பட்டது, அது வேறு கதை.

அபராதம் 1 விழுக்காடு என்று ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்துதான் உடைத்தேன். 4,000 போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். கணக்கில் வந்தது 3,91,250. நான் போட்ட அசலைவிடக் குறைவு! கவுண்டரில் கேட்டால் "சிஸ்டம் போட்ட கணக்கு மேடம்" என்கிறார்கள். 8,750 எங்கே போனது? அசலில் கைவைக்க இவர்களுக்கு உரிமை உண்டா?

சட்டம்பேசு | 8 ஜூன் 2024

உரிமை கிடையாது. அபராதம் வட்டியில்தான் பிடிக்க வேண்டும், அசலைத் தொடக் கூடாது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இன்றே எழுதுங்கள். இப்படிக் கேட்காமல் விடுவதால்தான் இவர்களுக்குத் துணிச்சல்.

தபால்காரன்மகன் | 8 ஜூன் 2024

அஞ்சலகத்தில் 6 மாதத்துக்கு முன்னால் உடைக்கவே விட மாட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் முடியும்வரை உடைத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அதோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நல்ல வட்டியே கிடைத்திருக்கிறது. எதற்குப் புலம்புகிறீர்கள்?

முத்துச்சரம் | 8 ஜூன் 2024

நான் அஞ்சலகத்தில் போடவில்லை. வங்கி எஃப்டி.

பழைய_கவுண்டர் | 9 ஜூன் 2024

இந்தக் கேள்வியைக் கவுண்டரில் உட்கார்ந்து பல வருடம் கேட்டிருக்கிறேன். பதில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், தாளில் எழுதிக் காட்டினால் நம்புவார்கள். அதனால் எழுதியே காட்டுகிறேன்.

நீங்கள் நினைத்தது: 7.5இல் 1 குறைத்து 6.5 கிடைக்கும். அப்படி இல்லை. நீங்கள் 3 வருடம் இருப்பதாகச் சொன்னதால்தான் 7.5. இருந்ததோ 15 மாதம். 15 மாதத்துக்கு நீங்கள் போட்ட அன்று, அதாவது 2023 மார்ச் 6 அன்று, அந்த வங்கி என்ன வட்டி வைத்திருந்ததோ அதை முதலில் எடுப்பார்கள். அதிலிருந்துதான் 1 கழியும்.

பிடித்த தொகையை வைத்துப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 15 மாதத்தில் உங்களுக்கு வந்தது ஐந்து 7,500, மொத்தம் 37,500. அதில் 8,750 திரும்பப் போனால் உங்களுக்கு உரியதாக அவர்கள் வைத்தது 28,750. ஒரு காலாண்டுக்கு 5,750. 4 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 5.75 விழுக்காடு. அபராதம் 1 என்றால், அன்றைக்கு ஒரு வருடம் முதல் இரண்டு வருடத்துக்குள்ளான வைப்புக்கு 6.75 இருந்திருக்க வேண்டும். பழைய வட்டி அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். 6.75 இருந்தால் கணக்கு சரி.

அசலில் கைவைத்தார்கள் என்பதும் முழுக்க உண்மையில்லை. ஒரு காலாண்டுக்கு உங்களுக்குச் சேர வேண்டியது 5,750, கொடுத்தது 7,500. அதிகமாகக் கொடுத்த 1,750ஐ ஐந்து முறை நீங்கள் ஏற்கெனவே வாங்கிச் செலவு செய்துவிட்டீர்கள். அதைத் திரும்ப எடுக்க அவர்கள் கையில் இருப்பது அசல் மட்டும்தான்.

முத்துச்சரம் | 9 ஜூன் 2024

அப்போ 8,750இல் அபராதம் எவ்வளவு, விகிதம் குறைந்ததால் போனது எவ்வளவு?

பழைய_கவுண்டர் | 9 ஜூன் 2024

4 லட்சத்தில் 1 விழுக்காடு ஆண்டுக்கு 4,000. 15 மாதத்துக்கு 5,000. அது அபராதம். 7.5க்கும் 6.75க்கும் உள்ள 0.75, ஆண்டுக்கு 3,000, 15 மாதத்துக்கு 3,750. இரண்டும் சேர்ந்து 8,750. நீங்கள் 4,000 என்று நினைத்தீர்களே, அபராதத்தையே ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது அசல்மீது ஒரே தடவை பிடிக்கும் தொகை இல்லை, வைப்பு இருந்த காலம் முழுவதற்கும் விகிதத்தில் கழியும். அதனால் உடைக்கத் தாமதிக்கத் தாமதிக்க அபராதம் ரூபாயில் ஏறும்.

சட்டம்பேசு | 9 ஜூன் 2024

சரி, அசல் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்ட அன்றைய விகிதம் என்கிறீர்களே, அது எங்கே எழுதியிருக்கிறது? உடைக்கும் அன்றைய விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு 15 மாதத்துக்குப் பல வங்கிகளில் 7க்கு மேலே தருகிறார்கள்.

பழைய_கவுண்டர் | 10 ஜூன் 2024

இன்றைய விகிதம் இன்றைக்குப் போடுகிறவருக்கு. நாளைக்கு விகிதம் 5க்கு இறங்கிய பிறகு ஒருவர் உடைக்க வந்தால் அவருக்கும் "இன்றைய விகிதம்" என்று சொல்வீர்களா? அப்போது நீங்களே சண்டைக்கு வருவீர்கள்.

பொதுவாக எல்லா வங்கியும் வைத்திருக்கும் விதி இதுதான்: போட்ட அன்று, ஓடிய காலத்துக்கு இருந்த விகிதம், அல்லது ஒப்பந்த விகிதம், இரண்டில் எது குறைவோ அது. அதிலிருந்து அபராதம் கழியும். "எது குறைவோ" என்பதைக் கவனியுங்கள். சில நேரம் குறுகிய காலத்துக்கு அதிக வட்டி இருக்கும். 5 வருடத்துக்கு 6.5, 2 வருடத்துக்கு 7 என்று அட்டையில் இருந்திருக்கும். 5 வருடத்துக்குப் போட்டு 2 வருடத்தில் உடைத்தால் 7 கிடைக்காது, 6.5இலிருந்துதான் கழிப்பார்கள்.

குறைதீர்ப்பாளரிடம் போக ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னது இல்லை. வைப்பு வாங்கும்போதே, வட்டி விகிதத்தோடு சேர்த்து அபராத விகிதத்தையும் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அபராதம் எவ்வளவு என்பதை வங்கியே முடிவு செய்யலாம், ஆனால் மறைக்கக் கூடாது. முத்துச்சரம் அம்மாவின் ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அப்புறம் என்ன புகார்?

சட்டம்பேசு | 10 ஜூன் 2024

பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டால் தெரியப்படுத்தியதாகுமா? நான் இன்னும் விடவில்லை.

முத்துச்சரம் | 11 ஜூன் 2024

பழைய அட்டை கிடைத்தது. போட்ட அன்று கிளையில் கொடுத்த மடிப்புத்தாளை ரசீதோடு சேர்த்தே வைத்திருந்தேன். 7 நாள் முதல் 45 நாள்வரை ஒன்று, அப்படியே இறங்கி வந்து "1 வருடம் முதல் 2 வருடத்துக்குக் குறைவாக" என்ற வரியில் 6.75. நடுவில் "400 நாள் சிறப்புத் திட்டம்" என்று 7.10 இருக்கிறது. நான் 400 நாளுக்கு மேல் வைத்திருந்தேனே, அது பொருந்தாதா?

பழைய_கவுண்டர் | 11 ஜூன் 2024

அது 400 நாளுக்கு என்றே போட்டவர்களுக்கான திட்டம். நீங்கள் அதில் சேரவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் சிறப்புத் திட்ட விகிதத்தை உடைப்புக் கணக்குக்கு எடுத்ததில்லை. உங்கள் வங்கியின் வைப்புக் கொள்கையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கேட்டுப் பாருங்கள். வலைத்தளத்தில் கீழே எங்கேயாவது போட்டு வைத்திருப்பார்கள்.

சில்லறை | 14 ஜூன் 2024

இந்த இழையைப் படித்துவிட்டு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எனக்கு 6 லட்சம் எஃப்டி இருக்கிறது, 2023 ஜூன் 23 அன்று போட்டது, 3 வருடத்துக்கு. முதிர்வில் மொத்தமாக வரும் வகை, நடுவில் வட்டி வாங்கவில்லை. திங்கட்கிழமை உடைக்கலாம் என்று இருந்தேன். அட்டையில் ஒரு வருடத்துக்குக் கீழே 6, ஒரு வருடம் முதல் 6.75. அபராதம் இங்கேயும் 1. அண்ணாச்சி, எனக்கும் அசலில் கைவைப்பார்களா?

பழைய_கவுண்டர் | 14 ஜூன் 2024

தம்பி, அசல் குறையாது. உங்களுக்கு இன்னும் எதையும் கொடுக்கவில்லை, அதனால் திரும்ப வாங்கவும் எதுவும் இல்லை. கணக்கில் சேர்த்து வைத்த வட்டியைக் குறைத்துவிட்டுக் கொடுப்பார்கள். இழப்பு இருவருக்கும் ஒரே மாதிரிதான், அந்த அம்மாவுக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாது.

ஆனால் திங்கட்கிழமை போகாதீர்கள்! இன்றைக்கு உங்கள் வைப்புக்கு 357 நாள் ஆகிறது. இன்றே உடைத்தால் 6இல் 1 போக 5 விழுக்காடு. கூட்டு வட்டியை விட்டுவிட்டுப் போட்டால் சுமார் 29,300 ரூபாய் வட்டி. திங்கட்கிழமை போனாலும் அதே 5தான். ஜூன் 23 தாண்டினால் 6.75இல் 1 போக 5.75. சுமார் 34,700. பத்து நாள் பொறுத்தால் 5,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பத்து நாளுக்கு மட்டும் உயர்ந்த விகிதம் இல்லை, முழு வருடத்துக்கும் சேர்த்து விகிதம் மாறுகிறது, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 23 ஞாயிறு, திங்கள் 24 போங்கள். அப்புறம் அட்டையில் "1 வருடம் வரை" என்று போட்டிருக்கிறார்களா, "1 வருடத்துக்குக் குறைவாக" என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முதலாவது என்றால், சரியாக ஒரு வருடம் முடிகிற அன்று உடைத்தாலும் கீழ்ப்படிதான். ஒரு நாள் தள்ளிப் போனால் தொல்லை இல்லை.

சில்லறை | 14 ஜூன் 2024

பத்து நாளுக்கு 5,000 என்றால் மச்சானிடம் கைமாற்று வாங்கிக்கொள்கிறேன். அவன் வட்டி கேட்க மாட்டான், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான், அவ்வளவுதான்.

முத்துச்சரம் | 15 ஜூன் 2024

எனக்கு இன்னொரு விஷயம் உறுத்துகிறது. இணைய வங்கியில் உடைக்கப் போனால் கடைசிப் பொத்தானை அழுத்தும் முன்பு எவ்வளவு வரும் என்று ஒரு பக்கம் காட்டுமாம். அக்கா மகள் சொன்னாள். என்னுடையது கிளையில் தாள் ரசீது வாங்கிய வைப்பு, அதனால் நேரில்தான் போனேன். கிளையில் கையெழுத்துப் போட ரசீதைத் திருப்பிக் கொடுத்தார்கள், எவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் திரையிலேயே தெரிந்திருக்குமா?

பழைய_கவுண்டர் | 15 ஜூன் 2024

தெரியும். உடைக்கும் முன்பே சோதித்துப் பார்க்கும் திரை கிளையில் இருக்கிறது. "உடைத்தால் கைக்கு எவ்வளவு வரும், திரும்பப் பிடிக்கும் வட்டி எவ்வளவு" என்று இரண்டையும் கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. வரிசை நீளமாக இருக்கும்.

கடன்நல்லது | 16 ஜூன் 2024

உடைத்ததே தவறு. எஃப்டி மேல் கடன் வாங்கியிருக்க வேண்டும். 90 விழுக்காடு வரை தருவார்கள், எஃப்டி வட்டியைவிட 1 அல்லது 2 கூட. எப்போதும் கடன்தான் லாபம். எஃப்டியை உடைப்பவர் கணக்குத் தெரியாதவர்.

முத்துச்சரம் | 16 ஜூன் 2024

கணக்குத் தெரியாதவளே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எனக்கு முழுத் தொகையும் வேண்டும், திருப்பிக் கட்ட வழியில்லை. 4 லட்சத்தில் 90 விழுக்காடு 3,60,000. வட்டி 9.5 என்றால் ஆண்டுக்கு 34,200 கட்ட வேண்டும். எஃப்டியில் வருவது 30,000. முதிர்வுக்கு இன்னும் 21 மாதம் இருந்தது. கட்டுவது 59,850, வருவது 52,500. கையை விட்டுப் போவது 7,350. உடைத்ததில் போனது 8,750. பார்க்க 1,400 மிச்சம்தான். ஆனால் உடைத்ததால் கையில் 3,91,250, கடன் என்றால் 3,60,000. 31,250 குறைவாக வாங்கி 21 மாதம் இழுக்க வேண்டும்.

கடன்நல்லது | 16 ஜூன் 2024

முழுத் தொகை வேண்டும் என்று முதலிலேயே சொல்லவில்லையே. ஒன்றரை லட்சம் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்றால்?

முத்துச்சரம் | 17 ஜூன் 2024

அப்படியென்றால் 9.5இல் மூன்று மாத வட்டி சுமார் 3,560. நீங்கள் சொல்வதுதான் சரி. எப்போதும் என்று சொன்னதுதான் இடித்தது.

பழைய_கவுண்டர் | 17 ஜூன் 2024

ஒரே ரசீதாகப் போடாமல் நாலு ரசீதாகப் போட்டிருந்தால் வேண்டியதை மட்டும் உடைக்கலாம். சில வங்கிகளில் ஒரே வைப்பில் பாதியை எடுக்கவும் விடுகிறார்கள், எடுத்த பகுதிக்கு மட்டும் இந்தக் கணக்கு. எல்லா இடத்திலும் கிடையாது.

ஆலமரம்77 | 2 ஜூலை 2024

இழை பழசானாலும் என் கேள்வி இதோடுதான் சேரும். அப்பா 10 லட்சம், 2023 ஏப்ரல் 3 அன்று 3 வருடத்துக்குப் போட்டார். 7.5, முதிர்வில் மொத்தமாக. சரியாக ஒரு வருடம் கழித்து 2024 ஏப்ரல் 3 அன்று உடைத்தார். அவருக்கும் 6.75இல் 1 போக 5.75தான் கொடுத்தார்கள், வட்டி சுமார் 58,750. டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவம் கொடுக்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால் 2023-24க்கான 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்த அறிக்கையில் வட்டி சுமார் 77,000 என்றும் டிடிஎஸ் சுமார் 7,700 என்றும் இருக்கிறது. கைக்கு வராத 18,000 ரூபாய்க்கு வரி கட்டச் சொல்கிறார்கள். கைக்கு வந்தது சுமார் 10,51,000தான். வங்கியில் கேட்டால் "டிடிஎஸ்ஸை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டோம், எங்களால் திருப்ப முடியாது" என்கிறார்கள். ஜூலை 31க்குள் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்தத் தொகையைப் போடுவது?

சட்டம்பேசு | 2 ஜூலை 2024

டிடிஎஸ் திரும்ப வராது என்பது மோசடி. புகார்.

இரட்டைப்பதிவு | 3 ஜூலை 2024

வங்கி சொன்னது சரிதான். பிடித்து, கட்டி, அப்பாவின் பான் எண்ணில் காட்டியாயிற்று. இனி அது வரிக் கணக்கு வழியாகத்தான் வரும். மோசடி இல்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அப்பாவுக்கு வேறு வருமானம் எவ்வளவு? வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் 77,000 போட்டாலும் 58,750 போட்டாலும் ஒன்றுதான். 7,700 முழுவதும் திரும்ப வந்துவிடும். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஆலமரம்77 | 3 ஜூலை 2024

ஓய்வூதியம் இருக்கிறது. 20 விழுக்காடு வரிப் படியில் வருகிறார்.

இரட்டைப்பதிவு | 4 ஜூலை 2024

அப்படியென்றால் சுமார் 18,300க்கு வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் சேர்த்து 3,800 ரூபாய் சமாச்சாரம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று: 2024 மார்ச் 31 அன்று வைப்பு உயிரோடுதான் இருந்தது. அன்றைய நிலையில் வங்கி 7.5க்குத்தான் வட்டி சேர்த்திருந்தது, அது அன்றைக்கு உண்மை. உடைத்தது ஏப்ரல் 3. ஆகவே வட்டி குறைக்கப்பட்டது அடுத்த நிதியாண்டின் விவகாரம். இந்த வருடம் 77,000 காட்டுங்கள், 7,700க்கும் வரவு எடுங்கள். அடுத்த வருடம் வரும் வேறு வைப்பு வட்டியிலிருந்து 18,300ஐக் கழித்துக் காட்டுங்கள், வங்கியின் உடைப்புக் கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: கணக்குக் கொடுக்கும் முன்பே உண்மையான வட்டி தெரிந்துவிட்டது, ஆகவே 58,750 மட்டும் காட்டுவது. அப்போது 26ஏஎஸ்ஸோடு பொருந்தாது. துறை கேட்கலாம், பதில் சொல்ல வேண்டி வரும்.

நான் என் வாடிக்கையாளர்களுக்கு முதலாவதைச் சொல்கிறேன். தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தும், பணம் ஒரு வருடம் தள்ளி வரும், அவ்வளவுதான்.

முத்துச்சரம் | 4 ஜூலை 2024

அடுத்த வருடம் கழிக்க வேறு வட்டியே இல்லையென்றால்?

இரட்டைப்பதிவு | 4 ஜூலை 2024

அதுதான் முதல் வழியின் ஓட்டை. இந்தத் தலைப்பில் வரும் நட்டத்தை அந்த வருடத்துக்குள்ளேயே சரிக்கட்டலாம், அடுத்த வருடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஆலமரத்தின் அப்பா உடைத்த பணத்தை வேறு எங்காவது போட்டிருப்பார், அவருக்கு வட்டி வரும். உங்களுக்கு?

முத்துச்சரம் | 5 ஜூலை 2024

எனக்கும் இந்தக் கூத்து இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. டிடிஎஸ் பிடிக்கவில்லை, ஆண்டு வட்டி 30,000தான், 2023-24க்கு இருந்த 40,000 எல்லைக்குள். அதனால் யோசிக்கவே இல்லை. 2023 ஜூன், செப்டம்பர், டிசம்பர், 2024 மார்ச் ஆக நாலு வட்டி, 30,000, போன நிதியாண்டில் வந்தது. மொத்தத்துக்கும் எனக்கு உரியது 28,750. அப்படியென்றால் இந்த நிதியாண்டில் என் எஃப்டி வட்டி கழித்தல் 1,250! 7,500 வாங்கினேன், 8,750 கொடுத்தேன்.

1,250க்காக யாரும் தூக்கம் கெடப் போவதில்லை. சேமிப்புக் கணக்கு வட்டி கொஞ்சம் வரும், அதில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இரட்டைப்பதிவு | 5 ஜூலை 2024

அதுவே போதும். வங்கி வரித் துறையின் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பெயரில் இந்த வருடத்துக்கு 7,500 என்று போடுமா, ஒன்றும் போடாமல் விடுமா என்று அடுத்த வருடம் பாருங்கள். சில வங்கிகள் கொடுத்ததை மட்டும் காட்டும், திரும்ப எடுத்ததைக் காட்டாது.

ஆலமரம்77 | 9 ஜூலை 2024

நான் இரண்டாவது வழியில் போகலாம் என்று இருக்கிறேன். கைக்கு வராத பணத்துக்கு ஏன் முன்கூட்டி வரி கட்ட வேண்டும்? ஏஐஎஸ்ஸில் இந்தத் தகவல் முழுக்கச் சரியில்லை என்று பதிவு செய்ய இடம் இருக்கிறதே.

இரட்டைப்பதிவு | 9 ஜூலை 2024

செய்யலாம். பதிவு செய்தால் வங்கியிடம் கேட்பார்கள். வங்கி "நாங்கள் கொடுத்த தகவல் சரிதான்" என்று சொன்னால்? மார்ச் 31 நிலவரப்படி அது சரிதானே. எனக்கு இதில் அடம் இல்லை. எதைச் செய்தாலும் முதலாவதையும் இரண்டாவதையும் கலந்து இரண்டு வருடத்திலும் குறைத்துவிடாதீர்கள். இன்னொன்று, இந்த வருடம் 77,000 காட்டிவிட்டு மனம் மாறினால் டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்குக் கொடுக்கலாம். அதைத் தாண்டினால் வரியைக் குறைக்க வழி கிடையாது. பிற்பாடு கொடுக்கும் மேம்படுத்திய கணக்கு வரியைக் கூட்டத்தான் உதவும், குறைக்க உதவாது.

சில்லறை | 10 ஜூலை 2024

24ஆம் தேதி போய் உடைத்தேன். 5.75 விழுக்காடே கொடுத்தார்கள். பழைய_கவுண்டர் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. மச்சானிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சொல்லிக்காட்டுவது தொடங்கிவிட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு பழைய எஃப்டி இருக்கிறது, நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது, தானாகப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. அதை உடைத்தால் ஆரம்பத்திலிருந்து எல்லா வட்டியையும் திரும்பக் கணக்குப் போடுவார்களா? அம்மா அதை நினைத்தே பயப்படுகிறார்.

பழைய_கவுண்டர் | 11 ஜூலை 2024

இல்லை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அது புது வைப்பு. முடிந்த காலங்களின் வட்டி முடிந்ததுதான், அதைத் தொட மாட்டார்கள். கடைசியாகப் புதுப்பித்த தேதியிலிருந்து எத்தனை நாள் ஓடியிருக்கிறதோ அதற்கு மட்டும் கணக்கு. ரசீதில் அந்தத் தேதி இருக்காது, வங்கியில் இப்போதைய நிலவர அறிக்கை வாங்கிப் பாருங்கள். போன மாதம்தான் புதுப்பித்திருந்தால் உடைத்தாலும் இழப்பு சொற்பம். புதுப்பித்து 7 நாள்கூட ஆகவில்லை என்றால் அந்த நாட்களுக்கு வட்டியே வராது, அவ்வளவுதான். கெட்டது எது தெரியுமா? மூன்று வருடத்துக்குப் புதுப்பித்து இரண்டரை வருடம் ஓடியிருந்தால்தான். அப்போது கடன் வாங்கிச் சமாளிப்பது நல்லது. இது கடன்நல்லது ஐயாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கடன்நல்லது | 11 ஜூலை 2024

நான் எப்போதோ சொன்னேன்.

தபால்காரன்மகன் | 12 ஜூலை 2024

வைப்புக்காரர் இறந்துவிட்டால் என்ன? பெரியப்பா எஃப்டி ஒன்று அப்படிக் கிடக்கிறது. அஞ்சலகம் இல்லை, வங்கிதான்.

பழைய_கவுண்டர் | 12 ஜூலை 2024

அபராதம் கிடையாது. ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்ன விஷயம் இது. வாரிசோ நியமனதாரரோ முன்கூட்டியே முடிக்கக் கேட்டால் தண்ட வட்டி பிடிக்கக் கூடாது. ஆனால் ஓடிய காலத்துக்கான விகிதம்தான் கிடைக்கும், ஒப்பந்த விகிதம் கிடைக்காது. முத்துச்சரம் அம்மா கணக்கில் வைத்துச் சொன்னால் 5,000 போகாது, 3,750 போகும். கிளையில் பழக்கத்தில் 1 கழித்துவிடுவார்கள், நீங்கள்தான் பார்த்துக் கேட்க வேண்டும்.

சட்டம்பேசு | 12 ஜூலை 2024

இதற்காவது புகார் செய்யலாமா?

பழைய_கவுண்டர் | 12 ஜூலை 2024

அபராதம் பிடித்தால் செய்யுங்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரின் வலைத்தளம் cms.rbi.org.in. கடைசியில் உங்களுக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

முத்துச்சரம் | 20 ஜூலை 2024

என் தரப்பில் வங்கிக்கு எழுத்தில் கேட்டிருந்தேன், 400 நாள் திட்ட விஷயமாக. பதில் வந்தது: சிறப்புத் திட்ட விகிதம் அத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், உங்கள் கணக்கு சரி. கூடவே கணக்குத் தாளும் அனுப்பியிருக்கிறார்கள். அதில் "திரும்பப் பெற்ற வட்டி 8,750" என்று ஒரே வரி, அபராதம் தனியாக இல்லை. இப்படி ஒரே வரியில் போட்டால் யாருக்குப் புரியும்? 5,000, 3,750 என்று பிரித்துப் போட்டால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம். ஆலமரம், கணக்குக் கொடுத்துவிட்டீர்களா? எந்த வழி?

ஆலமரம்77 | 29 ஜூலை 2024

கொடுத்துவிட்டேன். 58,750 போட்டேன், ஏஐஎஸ்ஸில் மறுப்பும் பதிவு செய்தேன். வங்கியிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை என்று காட்டுகிறது. அப்பா கோபத்தில் இருக்கிறார், 77,000 போட்டிருக்கலாமே என்கிறார். இரட்டைப்பதிவு சார் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார்.

இரட்டைப்பதிவு | 30 ஜூலை 2024

உடைப்புக் கணக்குத் தாள், கணக்கு அறிக்கையில் பணம் வந்த பக்கம், இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கேட்டால் அதைத்தான் கேட்பார்கள். டிசம்பருக்குள் நோட்டீஸ் வந்தால் திருத்தவும் நேரம் இருக்கிறது.